ஐ.எஸ்.பி.என். தரச்சான்று அன்று: தொகுப்பு நூல் வணிகம் குறித்துச் சில சொற்கள்

ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு இரண்டு முறையேனும் ஒரு வண்ண அறிவிப்பு வந்து விழுகிறது. பன்னாட்டுத் தொகுப்பு நூல் ஒன்றுக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன; எல்லாத் துறையினரும் எழுதலாம்; ஐ.எஸ்.பி.என். உண்டு, டி.ஓ.ஐ. உண்டு, சான்றிதழ் உண்டு. கடைசி நாள் இம்மாதம் 25, நூல் வெளியாகும் நாள் 30. அடியில் ஒரு யு.பி.ஐ. குறியீட்டுப் படம். இதைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் நம் மூத்த மாணவர்கள். சில வேளைகளில் நம் பேராசிரியர்களே. ஆகவே இது மோசடியாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை.

போலி ஆய்விதழ்களைப் பற்றி நம்மிடையே போதிய அளவு பேசப்பட்டுவிட்டது. முதல் நூலையோ முதல் இயலையோ வெளியிட விரும்பும் இளம் ஆய்வாளரைக் குறிவைக்கும் நூல் வணிகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இதழ்களுக்காவது யு.ஜி.சி. 2018இன் இறுதியில் கேர் என்ற பட்டியலைத் தொடங்கி வைத்திருந்தது. அதன் குறைகள் பல. 2025 தொடக்கத்தில் அது கைவிடப்பட்டதும் உண்மை. ஆனால் அது இருந்த காலத்திலும் நூல்களுக்கு அத்தகைய பட்டியல் எதுவும் இருந்ததில்லை. இதழ்ப் பக்கம் வழி குறுகியபோது வணிகம் நூல்களின் பக்கம் திரும்பியது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

திரும்பியதற்கு ஒரு காரணம் மதிப்பெண் அட்டவணை. ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு ஆகியவை குறித்த யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், ஆய்வுப் பணிக்கு மதிப்பெண் வழங்கும் அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி பன்னாட்டுப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 12, தேசியப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 10, தொகுப்பு நூலில் ஓர் இயலுக்கு 5, பன்னாட்டுப் பதிப்பகத் தொகுப்பின் பதிப்பாசிரியருக்கு 10, தேசியப் பதிப்பகமாயின் 8. பன்னாட்டுப் பதிப்பகம் என்பது யாது என அந்த அட்டவணை வரையறுக்கவில்லை. அந்த இரண்டு மதிப்பெண் வேறுபாட்டை விற்பதற்கென்றே சில நிறுவனங்கள் தம் முகவரிக்குக் கீழே அயல்நாட்டு நகரம் ஒன்றின் பெயரையும் அச்சிட்டுக்கொள்கின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதிப்பாசிரியருக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், தொகுப்பைத் தொடங்கிக் கட்டுரைகளைத் திரட்டித் தர ஒவ்வொரு கல்லூரியிலும் ஒருவர் கிடைத்துவிடுகிறார். பதிப்பகம் தனியே முகவர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இனி ஒரு நேர்வைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். என் தோழி ஒருவர் சமூகவியலில் ஆய்வு செய்கிறார். கட்டுமானப் பணிக்காக மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர் குடும்பங்களோடு ஓராண்டுக்கு மேல் பழகித் திரட்டிய தரவுகள் அவரிடம் உள்ளன. அவற்றின் ஒரு பகுதியை இயலாக எழுதி, மேலே சொன்னது போன்ற ஓர் அழைப்புக்கு ஒரு மாலையில் அனுப்பினார். மறுநாள் காலை பத்து மணிக்குள் ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. 6,000 சொற்களும் நான்கு அட்டவணைகளும் கொண்ட கட்டுரையை இரவோடு இரவாக இரு மதிப்பாய்வாளர்கள் படித்து முடித்ததாகக் கடிதம் சொன்னது. அவர்கள் என்ன கருத்துரைத்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. கடிதத்தின் இரண்டாம் பத்தி முழுவதும் கட்டணம்: இயலுக்கு 1,800 ரூபாய், கூடுதல் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் 500, அச்சுப்படி வேண்டுமாயின் தனியே 600.

அந்தக் கடிதத்தை அவர் என்னிடம் காட்டியபோது முதலில் என் கண்ணில் பட்டது அதன் வாக்கிய அமைப்பு. மொழியியல் படித்தவர்களுக்கு இது ஒரு தீராத பழக்கம், பொறுத்தருள்க. பதிப்பகம் செய்வதாகச் சொல்லும் செயல்கள் யாவும் செயப்பாட்டுவினையில் இருந்தன. மதிப்பாய்வு செய்யப்படும், அட்டவணைப்படுத்தப்படும், உலகெங்கும் விநியோகிக்கப்படும். யாரால், எப்போது, எங்கே என்பன இல்லை. ஆசிரியர் செய்ய வேண்டியவை மட்டும் தெளிவான ஏவலில் இருந்தன. இந்த எண்ணுக்குச் செலுத்துக, திரைப்பிடிப்பை அனுப்புக, 48 மணி நேரத்துக்குள் அனுப்புக. பணம் வரும் திசையில் எழுவாய் உண்டு, காலம் உண்டு, அளவு உண்டு; பணி நடக்கும் திசையில் ஒன்றும் இல்லை. செயப்பாட்டுவினை குற்றமன்று, நல்ல பதிப்பகங்களும் அப்படி எழுதுவதுண்டு. ஆனால் எழுவாயைக் கேட்டால் அவை சொல்லும். என் தோழி கேட்டார்: மதிப்பாய்வாளர்களின் பெயர் வேண்டாம், அவர்களின் கருத்துரையை அனுப்ப இயலுமா? மறுமொழி ஒரே வரியில் வந்தது. கட்டணம் செலுத்திய பின் எல்லாம் வழங்கப்படுமாம்.

பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு பிற்பகல் முழுவதும் சரிபார்த்தோம். என்ன பார்த்தோம் என்பதைச் சொல்கிறேன், யாரும் செய்யக்கூடியவைதாம்.

முதலில் ஐ.எஸ்.பி.என். இதைப் பற்றிய மயக்கமே இந்த வணிகத்தின் முதலீடு. இந்தியாவில் இந்த எண்ணை வழங்குவது நடுவண் அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. isbn.gov.in தளத்தில் பதிவு செய்துகொண்டு பதிப்பகங்கள் மட்டுமன்றித் தனி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். எண்ணுக்குக் கட்டணம் இல்லை. முகமை நூலைப் படிப்பதில்லை, மதிப்பிடுவதில்லை. கடையில் ஒரு பொருளின் மேல் ஒட்டப்படும் பட்டைக்குறி அப்பொருளின் சுவையைப் பற்றி எவ்வளவு சொல்லுமோ அவ்வளவுதான் இந்த எண்ணும் நூலின் தரத்தைப் பற்றிச் சொல்லும். ஆகவே கட்டணப் பட்டியலில் ஐ.எஸ்.பி.என். பெற்றுத்தர இவ்வளவு என ஒரு தொகை இருக்குமாயின், இலவசமாகக் கிடைப்பது நமக்கு விற்கப்படுகிறது என்பதே பொருள்.

தரத்தைச் சொல்லாவிட்டாலும் எண் வேறு ஒன்றைச் சொல்லும். பதின்மூன்று இலக்கங்களில் 978க்கு அடுத்து வருவது நாட்டையோ மொழிப் பரப்பையோ குறிக்கும் தொகுதி. 81, 93 ஆகிய இரண்டும் இந்தியாவுக்கு உரியவை. 0, 1 ஆகியவை ஆங்கிலப் பரப்புக்கும், 3 ஜெர்மன் பரப்புக்கும் உரியவை. அதற்கடுத்த பகுதி பதிப்பகத்தைக் குறிக்கும். grp.isbn-international.org என்னும் உலகப் பதிப்பாளர் பதிவேட்டில் அந்த முன்னெண்ணை இட்டால் அது யார் பெயரில் பதிவாகியுள்ளது எனப் பார்க்கலாம். எங்களுக்கு வந்த அறிவிப்பில், அயல்நாட்டு முகவரியோடு தன்னைப் பன்னாட்டுப் பதிப்பகம் எனச் சொல்லிக்கொண்ட நிறுவனத்தின் முந்தைய தொகுதிகள் அனைத்திலும் எண் 978-93 என்றே தொடங்கியது. இந்தியாவில் பதிவு செய்வது இழிவன்று. இந்தியாவில் பதிவு செய்துகொண்டு அயல்நாட்டுப் பெயரைக் காட்டி மதிப்பெண் விற்பதுதான் பொய். எதிர்த்திசையில் இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அயல்நாட்டுத் தொகுதி எண்ணை வாங்கி வைத்திருக்கும் காசுப் பதிப்பகங்களும் உள்ளன. எண் சரியாக இருப்பதால் பதிப்பகம் சரியாகிவிடாது.

அடுத்து அந்நிறுவனத்தின் பழைய நூல்கள். முந்தைய ஓராண்டில் அது வெளியிட்டதாகச் சொல்லும் தொகுதிகள் பதினொன்று. மண் வேதியியல், வங்கியியல், பெண்ணியம், பக்தி இலக்கியம், செவிலியர் கல்வி ஆகிய யாவும் ஒரே நூலின் பொருளடக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. இத்தனை துறைகளுக்கும் மதிப்பாய்வாளர் வைத்திருக்கும் பதிப்பகம் உலகில் இருக்குமாயின் அது மிகப் பெரியதாக இருக்க வேண்டும். இதன் அலுவலகத்துக்கோ ஒரு கைப்பேசி எண் மட்டுமே இருந்தது. பதிப்பாசிரியர் நால்வருக்கும் அதே தொகுதியில் இயல்கள் இருந்தன. பல்துறை நூல் என்பதே ஐயத்துக்கு உரியது எனச் சொல்லவில்லை. ஒரு கேள்வியைச் சுற்றிப் பல துறையினர் கூடி எழுதுவது பல்துறை. ஒரு கட்டணத்தைச் சுற்றிக் கூடுவது வேறு. பொருளடக்கத்தை மட்டும் படித்தால் போதும், எது எது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதாக நாங்கள் தேடியது அந்த நூல்களை எந்த நூலகமாவது வைத்திருக்கிறதா என்பதை. இதற்குச் சட்டத்தின் துணை ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் வெளியிட்ட 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை ஆசியக் கழகம், தில்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் அனுப்ப வேண்டும். நடைமுறையில் நேர்மையான சிறு பதிப்பகங்களும் இதில் தவறுவதுண்டு; நூலகங்கள் பட்டியலிடத் தாமதிப்பதும் உண்டு. எனவே ஒரு நூல் அங்கே இல்லை என்பதை மட்டும் கொண்டு தீர்ப்பு வழங்கக்கூடாது. ஆனால் பதினொரு தொகுதிகளில் ஒன்றுகூட, நாங்கள் தேடிய எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இல்லை. விற்பனைத் தளங்களில் இல்லை. அட்டையில் 999 ரூபாய் என விலை அச்சிடப்பட்டிருந்தது. அந்த விலைக்கு அதை வாங்க விரும்பும் ஒருவர் எங்கே சென்று வாங்குவார் என்பதற்கு விடையே கிடைக்கவில்லை.

என் கருத்து இந்த இடத்தில்தான் நிலைகொள்கிறது. மோசடிப் பதிப்பகத்தைக் கண்டறிய நீண்ட அறிகுறிப் பட்டியல்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன்: எழுத்துப் பிழைகள், மிகைப் புகழ்ச்சி, ஜிமெயில் முகவரி என்று அவை நீளும். பிழைகளைத் திருத்திக்கொள்ள முடியும். முகவரியை விலைக்கு வாங்க முடியும். மாற்றிக்கொள்ள முடியாதது ஒன்றுதான். அந்த நிறுவனத்தின் வருவாய் யாரிடமிருந்து வருகிறது? வாசகரிடமிருந்தோ நூலகத்திடமிருந்தோ வருமாயின், நூல் நன்றாக இருப்பதிலும் விற்பதிலும் அதற்கு அக்கறை இருக்கும். எழுதியவரிடமிருந்தே முழுத் தொகையும் வந்துவிடுமாயின், நூல் அச்சாவதற்கு முன்பே வணிகம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்நூல் ஒரு மிச்சப்பொருள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். தொகுதிக்கு 32 இயல்கள். இயலுக்கு 1,800 வீதம் 57,600 ரூபாய். கூடுதல் ஆசிரியர்கள் 20 பேர் எனக் கொண்டால் 10,000. மொத்தம் 67,600. செலவுப் பக்கம்: 320 பக்கம், பக்கத்துக்கு 25 ரூபாய் வீதம் பக்க வடிவமைப்பு 8,000, அட்டைக்கு 2,000, தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 40 படிகள், படிக்கு 300 வீதம் 12,000. ஆக 22,000. எங்கள் நகரின் அச்சகம் ஒன்றில் விசாரித்துப் போட்ட கணக்கு இது. ஊருக்கு ஊர் மாறும். மீதி 45,600 ரூபாய், அதுவும் அச்சுப்படிக்குத் தனியே வாங்கும் 600ஐச் சேர்க்காமல். செலவுப் பட்டியலில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். செம்மையாக்கம் இல்லை, மெய்ப்பு இல்லை, மதிப்பாய்வு இல்லை, விற்பனை இல்லை. ஐ.எஸ்.பி.என். இலவசம். கட்டுரையும் இலவசம். அதை எழுத ஓராண்டு அலைந்தவரே பணமும் கொடுத்திருக்கிறார்.

நூல் வெளியிட ஆசிரியர் பணம் தருவது எல்லாமே மோசடி என்று நான் கருதவில்லை. திறந்த அணுக்கத்தில் நூல் வெளியிடும் புகழ்பெற்ற பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் சில கட்டணம் பெறுகின்றன. ஆனால் அங்கே மதிப்பாய்வு முடிந்து நூல் ஏற்கப்பட்ட பின்னரே கட்டணம். பெரும்பாலும் அதைச் செலுத்துவது ஆசிரியரின் நிறுவனமோ நிதிநல்கையோ. நூலை எவரும் இலவசமாகப் படிக்கலாம். தம் கவிதைகளைத் தம் செலவில் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுப்பவரும் யாரையும் ஏமாற்றவில்லை. அச்சகத்துக்குப் பணம் தருகிறோம் என்பது அவருக்குத் தெரியும். அச்சகப் பணியைச் செய்துவிட்டுப் பதிப்பகம் என்ற பெயருக்கான விலையை வாங்குவதுதான் சிக்கல்.

பணமே கேட்காத வகை ஒன்று உண்டு. முனைவர் பட்ட ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறிய சில வாரங்களில் மின்னஞ்சல் வரும். தங்கள் ஆய்வேட்டின் தலைப்பை அப்படியே எடுத்து ஒட்டி, அதை நூலாக வெளியிட விரும்புகிறோம், தங்களுக்கு ஒரு செலவும் இல்லை என்று எழுதியிருப்பார்கள். பலர் இதை நேர்மைக்குச் சான்றாகக் கொள்கிறார்கள். நான் அப்படிக் கொள்வதில்லை. கோப்பை அனுப்பினால் ஒரு சொல்லும் திருத்தப்படாமல், சான்றுரைப் பக்கத்தோடும் சில வேளைகளில் நெறியாளரின் கையொப்பத்தோடும், அது நூலாகிவிடும். விலை அயல்நாட்டு நாணயத்தில் எட்டாத உயரத்தில் இருக்கும். அந்த விலைக்கு அதை வாங்க வாய்ப்புள்ளவர்கள் ஆசிரியரும் அவர் குடும்பமும் மட்டுமே. அவர்களுக்கென்று தள்ளுபடி அறிவிப்புகள் தொடர்ந்து வரும். அதே ஆய்வேடு ஷோத்கங்காவில் யாவரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். உண்மையான பதிப்பகம் ஆய்வேட்டை அப்படியே ஏற்பதே அரிது. இரண்டாம் இயலின் முன்னாய்வுத் தொகுப்பைச் சுருக்குங்கள், ஆய்வு முறையியலைப் பின்னிணைப்புக்குக் கொண்டுசெல்லுங்கள், வாசகர் யார் என்று சொல்லுங்கள் எனக் கேட்கும். ஒன்றையும் மாற்றச் சொல்லாத பதிப்பகம் உங்கள் எழுத்தைப் படிக்கவில்லை.

இழப்பு என்ன, பணம் போனால் போகட்டும், மதிப்பெண் கிடைக்கிறதே என்பவர்கள் உண்டு. அவர்களை நான் எளிதில் குறைகூற மாட்டேன். உதவித்தொகை மாதக்கணக்கில் வராத நிலையில், விருந்தினர் விரிவுரையாளர் பணிக்கான நேர்காணலில் உங்கள் வெளியீடுகள் எத்தனை என்று மட்டுமே கேட்கும் குழுவின் முன் நிற்பவர் வேறென்ன செய்வார்? ஆயினும் இழப்பு 1,800 ரூபாயோடு நிற்பதில்லை. ஒருமுறை வெளியான கட்டுரையை நல்ல இதழ் மீண்டும் ஏற்பதில்லை. முன்பே வெளியானது என்று திருப்பிவிடும். என் தோழியின் தரவு ஓராண்டுக் களப்பணியின் பயன். தங்கள் கூலி, கடன், குழந்தைகளின் படிப்பு ஆகியவற்றை நம்பிக்கையோடு அவரிடம் சொன்ன குடும்பங்களின் சொற்கள் அதில் இருக்கின்றன. அது எவரும் வாங்க இயலாத, எந்த நூலகத்திலும் இல்லாத ஒரு தொகுதியில் மண் வேதியியலுக்கும் வங்கியியலுக்கும் நடுவே புதைந்துபோனால், அதைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் வெளியிட வழியில்லை.

பட்டத்துக்கே இது தேவை என்று சொல்லி விற்பவர்களுக்கு ஒரு மறுமொழி. 2016ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகள் ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் தகுதிவாய்ந்த இதழில் ஒரு கட்டுரை வெளியாக வேண்டும் என்றன. 2022ஆம் ஆண்டு விதிகள் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டன. தனிப்பட்ட பல்கலைக்கழகங்கள் இன்னும் கேட்கக்கூடும். உங்கள் பல்கலைக்கழக விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். ஐ.எஸ்.பி.என். உள்ள நூலில் இயல் வேண்டும் என்பது, பல இடங்களில், விதியாக அன்றிச் செவிவழிச் செய்தியாகவே உலவுகிறது. ஸ்கோபஸில் இடம்பெறும் என்று நூல் உருவாகும் முன்பே உறுதி கூறுபவர்களையும் நம்ப வேண்டாம். ஸ்கோபஸ் நூல்களைப் பதிப்பக அளவில் ஆராய்ந்து சேர்க்கிறது; தனி நூல் ஒன்றைச் சேர்த்துத் தருவதாகச் சொல்ல இடைத்தரகருக்கு எந்த உரிமையும் இல்லை. கூகுள் ஸ்காலரில் தெரியும் என்பது ஒரு வாக்குறுதியே அன்று. இணையத்தில் உரிய வடிவில் ஏற்றப்பட்ட எந்தக் கட்டுரையும் அதில் தெரியக்கூடும்.

என் தோழி பணம் செலுத்தவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் அனுப்பினார். அதுவரை இனிமையாக எழுதிய நிறுவனத்தின் குரல் மாறியது. மதிப்பாய்வு முடிந்துவிட்டதால் திரும்பப் பெறும் கட்டணமாக 2,500 ரூபாய் செலுத்த வேண்டும், இல்லையேல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிப்போம் என்றார்கள். முதல் தலைமுறை ஆய்வாளர் ஒருவரை அஞ்ச வைக்க இது போதும். பலர் இந்தக் கட்டத்தில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

அஞ்சத் தேவையில்லாததற்குக் காரணம் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுவாக ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளரோ அவரது முகவரோ கையொப்பமிட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன உரிமைத்தொகை என்பன அதில் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உரிமை மாற்றம் காலாவதியானதாகவே கொள்ளப்படும். என் தோழி எதிலும் கையொப்பமிட்டிருக்கவில்லை. அழைப்பிலும் திரும்பப் பெறும் கட்டணம் பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினோம். உரிமை மாற்ற ஆவணம் எதிலும் நான் கையொப்பமிடவில்லை. கட்டுரையின் பதிப்புரிமை என்னுடையது. அதை வெளியிட உங்களுக்கு அனுமதி இல்லை. வெளியிட்டால் அது உரிமை மீறல். கடிதத்தின் படியை அவர் தம் நெறியாளருக்கும் துறைத் தலைவருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிப்போம் என்ற மிரட்டலில் அதன் பிறகு மிரட்ட ஒன்றுமில்லை. மறுமொழி வரவில்லை. தொகுதி அறிவித்த நாளில் வெளியானது, அவர் பெயர் இல்லாமல்.

ஏற்கெனவே கையொப்பமிட்டவர்களுக்கு இவ்வளவு எளிதன்று. அவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, உரிமைக் காலம், உரிமையின் வகை, விலகும் விதி ஆகிய மூன்றையும் படிப்பது. எல்லா மொழிகளிலும் எல்லா வடிவங்களிலும் பதிப்புரிமைக் காலம் முழுவதும் என்று இருந்தால் சட்டம் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுவதே நல்லது. அச்சு உரிமம் மட்டும், அதுவும் தனியுரிமை அல்லாதது என்று இருந்தால், திருத்தி எழுதிய வடிவத்தை வேறு பதிப்பகத்துக்குக் கொடுக்க வழி இருக்கிறது. முந்தைய வெளியீட்டைப் புதிய பதிப்பகத்திடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதன் பிறகு விருதுக்கு இவ்வளவு, நூல் அறிமுகக் காணொளிக்கு இவ்வளவு என்று வரும் அழைப்புகளுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். ஒருமுறை பணம் தந்தவரின் பெயர் தனிப் பட்டியலில் ஏறிவிடுகிறது.

இன்னும் ஒன்று. ஆய்வேட்டை நூலாக்கப் பணமில்லை என்பதே பலரை இந்நிறுவனங்களிடம் தள்ளுகிறது. சமூக அறிவியல் துறையினருக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., வரலாற்றுத் துறையினருக்கு ஐ.சி.எச்.ஆர். ஆகிய இரண்டும் ஆய்வேடுகளை நூலாக வெளியிட நிதியுதவி வழங்கி வந்துள்ளன. கையெழுத்துப் படியை மதிப்பிட்ட பின்னரே பணம், அதனால் மாதங்கள் ஆகும். விண்ணப்பக் காலத்தையும் நடப்பு நிபந்தனைகளையும் அவற்றின் தளங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். என் தோழி இப்போது அந்த இயலை ஓர் இதழுக்கு அனுப்பியிருக்கிறார். நான்கு மாதம் கழித்து இரு மதிப்பாய்வாளர்களின் கருத்துரை வந்தது, ஆறு பக்கம். இரண்டாம் அட்டவணையில் கூலியை நாள் கணக்கில் தருவதா வேலைக் கணக்கில் தருவதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்காக அவர் மீண்டும் களத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.